மூடி எங்கே? முதல் சமையல் வகுப்புக்கு முன் ஒரு கேள்வி பதில்

சேலத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு சனிக்கிழமை முதல் சமையல் வகுப்பு. ஜவ்வரிசி வத்தல் பொரிக்கிறோம். 22 வருடம் கல்யாணச் சமையலில் நின்றவன் என்பதால் என்னைப் பேச அழைத்தார்கள். கேள்விகளை முன்கூட்டியே வாங்கிக்கொண்டேன்.

மாணவி, அஸ்தம்பட்டி: எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாதாம். ஏன் மாஸ்டர்?

தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், நேரே அடிக்குப் போய்விடும். எரிகிற எண்ணெயின் சூடு 300 டிகிரிக்கு மேல் இருக்கும். 100 டிகிரியிலேயே கொதித்துவிடும் தண்ணீர் அங்கே என்ன ஆகும்? நொடியில் ஆவியாகி, 1,600 மடங்குக்கு மேல் விரியும். அந்த ஆவி மேலே இருக்கிற எண்ணெயைத் துளித்துளியாகத் தூக்கி வீசும், ஒவ்வொரு துளியும் எரியும்.

ஒரு மண்டபத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். அப்பளச் சட்டியை அடுப்பில் விட்டுவிட்டு பையன் போன் பேசப் போய்விட்டான். திரும்பி வந்தால் சட்டிக்குள் ஒரு முழ உயரத்துக்குத் தீ. பக்கத்தில் நின்ற ஒருவர் ஒரு சொம்பு தண்ணீரை வீசினார். தீ கூரையைத் தொட்டது, அவருடைய புருவம் கருகியது. நான் அடுப்பை அணைத்து, தாம்பாளத்தைச் சட்டி மேல் கவிழ்த்தேன். காற்று போகாததால் தீ அடங்கியது. அதோடு விட்டோமா? மூன்று நிமிடத்தில் ஒருவர் ‘அணைஞ்சிருச்சா’ என்று தாம்பாளத்தைத் தூக்கினார். மறுபடி குப்பென்று பிடித்துக்கொண்டது. எண்ணெயின் சூடு தணியாமல் காற்று பட்டால் அப்படித்தான். சட்டி ஆறும்வரை மூடியைத் தொடக் கூடாது, சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடவும் கூடாது.

அதனால் சனிக்கிழமை என் முதல் கேள்வி: மூடி எங்கே?

ஒரு அம்மா, ஏற்காடு: எங்கள் மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்குமே. எண்ணெயும் அதே மாதிரி ஆபத்து குறைவுதானே?

தண்ணீரைப் பற்றிச் சொன்னது சரி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், தண்ணீர் அங்கே 95 டிகிரி வாக்கில் கொதிக்கும். ஆனால் எண்ணெய் கொதிப்பதே இல்லையம்மா. சட்டியில் குமிழி வருகிறதே, அது வத்தலுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாவது. எண்ணெய் சூடேறிக்கொண்டே போய் முதலில் புகையும், பிறகு எரியும். மலையானாலும் சமவெளியானாலும் அதே கதைதான்.

மாணவன், குகை: தீப்பிடிக்கப் போகிறது என்று முன்னாடியே தெரியுமா?

நல்லாத் தெரியும். முதலில் எண்ணெய் தண்ணீர் போல இளகி, மேலே நெளிவு ஓடும். வத்தல் போட வேண்டிய நேரம் அதுதான். ஒரு சின்ன வத்தலைப் போட்டால் உடனே மிதந்து விரிய வேண்டும். அடுத்து, மெல்லிசாக ஒரு புகை இழை எழும். அதைப் பார்த்ததும் அடுப்பை அணை. புகை திரண்டு கண் எரிந்தால் ரொம்பத் தாமதம். மூடியைக் கையில் எடு.

சரியாகக் காயாத வத்தல் வேண்டாம், தெறிக்கும். உள்ளே ஈரம் இருக்கிறதா என்று உடைத்துப் பார்.

மாணவி, சூரமங்கலம்: சுட்டால் டூத்பேஸ்ட் தடவலாமா?

கூடாது. குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டு. ஐஸும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதே.

ஒரு அப்பா, அம்மாபேட்டை: மூடி மூடி என்கிறீர்களே, எங்கள் தெருவில் தீயணைப்புத் துறையினர் ஈரச்சாக்கு போட்டு அணைத்துக் காட்டினார்கள். அவர்கள் தப்பா?

அவர்கள் காட்டியது சிலிண்டரில் எரிந்த தீ. அங்கே எரிவது கேஸ், சாக்கிலிருந்து சொட்டினாலும் பாதகமில்லை. எண்ணெய்ச் சட்டியில் சொட்டினால் சொம்புத் தண்ணீரின் கதைதான்.

அதே அப்பா: நன்றாகப் பிழிந்து போட்டால்?

சொட்டே இல்லாத அளவுக்குப் பிழிந்த கனத்த துணி அணைக்கும், ஒப்புக்கொள்கிறேன். பதற்றத்தில் 14 வயசுப் பிள்ளை அந்த அளவுக்குப் பிழியுமா?

சமையல் ஆசிரியை: எங்கள் வீட்டில் கோதுமை மாவைக் கொட்டி அணைப்போம்.

டீச்சர், தயவுசெய்து இதைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். பறக்கும் மாவே தீப்பிடிக்கும்.

அதே அப்பா: என் அம்மா துணியால்தான் அணைத்தார். பிள்ளைக்குப் பிழியவும் சொல்லித்தரலாமே?

உங்கள் அம்மாவுக்குக் கை பழகியிருக்கிறது. நான் மூடியைத்தான் சொல்லித்தருவேன், நீங்கள் வீட்டில் துணியைச் சொல்லித்தாருங்கள்.

மாணவன், கொண்டலாம்பட்டி: சுட்ட இடத்தில் பேனா மை...

சூரமங்கலத்துக்குச் சொன்ன பதிலைப் படி.

மாணவி: கத்தியை எப்படிப் பிடிப்பது?

அது டீச்சர் பாடம், அவரிடம் கேள்.

மாணவி, செவ்வாய்ப்பேட்டை: துப்பட்டா போட்டு வரலாமா?

பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டு, பருத்தித் துணியாக இருந்தால் வா. நைலான் உருகித் தோலில் ஒட்டும். வரும்போது வீட்டிலிருந்து ஒரு தட்டையான மூடி கொண்டு வா, சட்டியின் வாயை விடப் பெரிதாக.