குடித்தால் நிக்காஹ் முறியுமா?

"என் வீட்டுக்காரருக்குக் குடிப்பழக்கம் உண்டு. குடிக்கிறவனுக்கு ஈமான் போய்விடும், நிக்காஹும் முறிந்துவிடும் என்று பயானில் ஒருவர் சொன்னார். புதுப்பித்துத் தர ஆள் இருக்கிறாராம், காணிக்கை கேட்கிறார். செய்ய வேண்டுமா?"

வேண்டாம் சகோதரி. பணத்தையும் கொடுக்காதீர்கள். உங்கள் நிக்காஹ் அப்படியேதான் இருக்கிறது.

'குடிக்கிறவன் குடிக்கும்போது முஃமினாக இருந்து குடிப்பதில்லை' என்ற ஹதீஸைத்தான் அவர் ஓதியிருப்பார். அந்த நேரத்தில் ஈமான் முழுமையாக இல்லை என்பதே அதற்கு அறிஞர்கள் சொல்லும் பொருள். ஈமான் என்பது உள்ளத்தால் ஏற்று நாவால் மொழிவது என்றார் இமாம் அபூஹனீஃபா. செயலும் அதில் சேரும், அது கூடும், குறையும் என்றார் இமாம் ஷாஃபிஈ. ஒரு பாவத்தால் அது அடியோடு போய்விடும் என்று இருவருமே சொல்லவில்லை.

நபியவர்கள் காலத்தில் குடித்துவிட்டுப் பலமுறை அடி வாங்கிய ஒருவர் இருந்தார். யாரோ அவரைச் சபித்தபோது, 'சபிக்காதீர்கள், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிக்கிறார்' என்று நபியவர்கள் தடுத்ததாக புகாரியில் இருக்கிறது. அவர் மதம் மாறியவராக நடத்தப்படவில்லை.

பாவியைக் காஃபிர் என்ற முதல் கூட்டம் காரிஜிகள். 657இல் ஸிஃப்பீன் போரில் அலீ (ரலி) நடுவர் தீர்ப்புக்கு உடன்பட்டதே குஃப்ர் என்று சொல்லி அவரைவிட்டுப் பிரிந்தார்கள். உரிமையாளர் அனுமதியின்றி மரத்தடியில் கிடந்த பேரீச்சம்பழத்தை வாயில் போட்டதற்காகப் பதறித் துப்பியவர்கள், நபித்தோழர் கப்பாபின் மகன் அப்துல்லாஹ்வையும் கர்ப்பிணியான அவர் வீட்டுப் பெண்ணையும் கொன்றார்கள். மறுவருடம் நஹ்ரவானில் அவர்களோடு போரிட நேர்ந்த பிறகும் அலீ அவர்களைக் காஃபிர் என்று சொல்லவில்லை. 'குஃப்ரிலிருந்து ஓடியவர்கள்' என்றுதான் சொன்னதாக அறிவிக்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதையும் வியாபாரிகள் பிடித்துக்கொள்வதால் விரிவாகவே சொல்கிறேன். ஹராம் என்று நன்றாகத் தெரிந்தும் 'மது ஹலால்தான்' என்று ஒருவர் கொள்கையாகவே மறுத்தால் ஈமான் போகும். போதையில் 'குடித்தால் என்ன தப்பு?' என்று உளறுவது அந்தக் கணக்கில் வராது. தவறாக விளங்கிக்கொண்டு சொன்னாலும் வராது. பத்ரில் கலந்துகொண்ட குதாமா (ரலி) குடித்துவிட்டு, ஒரு வசனத்தைக் காட்டி, தம்மீது குற்றமில்லை என்றே வாதாடினார். உமர் (ரலி) 'தவறாக விளங்கிக்கொண்டாய்' என்று சொல்லி அடி கொடுத்தார். காஃபிராக்கவில்லை, மனைவியைப் பிரிக்கவும் இல்லை.

இப்போதோ மேடை ஏறுகிறவர் எங்கே ஓதினார் என்றுகூடக் கேட்காமல் மைக்கைக் கொடுத்துவிடுகிறார்கள். எந்த மதரஸாவிலும் ஓதாத ஒருவர் இதே கணக்கில் மூன்று வீடுகளில் காணிக்கை வாங்கியதை எங்கள் ஊரில் நானே பார்த்தேன். புகார் சொன்னேன், 'அடுத்த கூட்டத்தில் பேசுவோம்' என்றார்கள். இரண்டு வருடமாகிறது.

குடி பெரும்பாவம்தான், அவர் தௌபா செய்யத்தான் வேண்டும். குடித்துவிட்டு அடிக்கிறார், செலவுக்குத் தருவதில்லை என்றால் அது தனி வழக்கு. அதற்கு நீங்கள் காஜியிடம் போய்ப் பிரிவு கேட்கலாம். அவரை முஸ்லிம் இல்லை என்று காட்ட வேண்டிய தேவையே அதில் இல்லை.