கறுப்பு எள் கசக்குதா?

"வண்ணாரப்பேட்டையில் வாங்கின கறுப்பு எள்ளை வறுத்துப் பொடிச்சா ஒரே கசப்பு. கால்சியத்துக்காகத்தான் மாறினேன். வெள்ளைக்கே போயிடவா?"

தோலோடு இருக்கும் எள் லேசாகக் கசக்கும். ஒரே கசப்பு என்றால் கருகியிருக்கும். கறுப்பில் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியாதே! கழுவி உலர்த்திய எள்ளோடு ஒரு சிட்டிகை வெள்ளை எள் போட்டு, எண்ணெய் விடாமல் சிறு தீயில் கிளறுங்கள். படபடவென வெடித்து, வெள்ளை இளம்பொன்னிறமானதும் தட்டில் கொட்டிவிடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகும்.

அப்புறம், கால்சியம் நிறத்தில் இல்லை, பெரும்பாலும் தோலில்தான். தோலுள்ள எள் 100 கிராமில் சுமார் 975 மில்லிகிராம். தோல் நீக்கியதில் மிகக் குறைவு. ஆனால் தோலில் அது ஆக்சலேட் என்ற இயற்கைப் பொருளோடு பிணைந்திருப்பதால் உடம்பில் சேருவது கொஞ்சம்தான். வெள்ளைக்கு மாறினாலும் பளிச்சென்று இருப்பதை விட்டு, மங்கலான பழுப்பில் இருப்பதை வாங்குங்கள். அதில் தோல் இருக்கும்.