சம்பா வயலை ஒரு சின்னப் படமாக்குவது: கேள்வி பதில்

அண்ணா, சி.ஆர் 1009 நட்டதிலிருந்து அறுப்பு வரை பத்து நாளைக்கு ஒருமுறை போனில் எடுத்தேன். 14 படம் இருக்கு. ஓட்டிப் பார்த்தால் வயலே குதிக்குது.

முதலில் இரண்டு படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேலே உள்ளதைப் பாதி மங்கலாக்குங்கள். தூரத்துப் பனைமரத்தோடு பனைமரத்தைப் பொருத்திவிட்டு, பக்கத்து வரப்புக்கல்லைப் பாருங்கள். அதுவும் பொருந்தினால் போன் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான், சரிசெய்துவிடலாம். கல் மட்டும் இரண்டாகத் தெரிந்தால் நீங்கள் நின்ற இடமே மாறியிருக்கிறது. அதை எந்த மென்பொருளும் முழுமையாகத் திருத்தாது. அந்தப் படத்தை விட்டுவிடுவதுதான் நல்லது.

திருத்தக்கூடிய படங்களுக்கு Hugin என்ற மென்பொருள் போதும், இலவசம். ஆனால் பொருத்தும் புள்ளிகளை அதுவாகத் தேட விடாதீர்கள். நெல் இலைகளைப் பிடித்துக்கொள்ளும். பத்து நாளில் அந்த இலை அதே இடத்தில் இருக்காது. மோட்டார் கொட்டகை மூலை, மின்கம்பம், பனை என்று அசையாதவற்றில் நீங்களே கையால் புள்ளி வையுங்கள். முடிந்ததும் படங்களை ஒட்டாமல் தனித்தனியாக வெளியே எடுங்கள்.

அடுத்த போகத்துக்கு வரப்பில் ஒரு சவுக்குக் கழி ஊன்றி, ஆறடி உயரத்தில் பலகை அறைந்து, போன் உட்கார மூன்று ஆணி அடியுங்கள். இடுப்பு உயரத்தில் வைத்தால் கதிர் வரும்போது பயிர் படத்தையே மறைத்துவிடும். ஜூமைத் தொடவே தொடாதீர்கள்.

14 படம் ஒரு நொடிக்குள் ஓடிவிடுகிறதே?

நொடிக்கு 25 படம் என்ற கணக்கு உங்களுக்கு ஆகாது. ஒரு படம் அடுத்ததில் மெல்லக் கரைய ஒரு நொடி கொடுங்கள். கோப்புகளுக்கு 01.jpg, 02.jpg என்று பெயர் வைத்துக்கொண்டு, ffmpeg என்ற மென்பொருளுக்கு இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

```
ffmpeg -framerate 1 -i %02d.jpg -vf "scale=1920:-2,tpad=stop=2:stop_mode=clone,minterpolate=fps=25:mi_mode=blend:scd=none" -c:v libx264 -pix_fmt yuv420p vayal.mp4
```

`tpad` இல்லாவிட்டால் கடைசிப் படம் விட்டுப்போகும். `scd=none` முக்கியம். அது இல்லாவிட்டால் இரண்டு படங்களுக்கிடையே வேறுபாடு அதிகமாக இருக்கும் இடத்தில் காட்சி மாறிவிட்டது என்று எண்ணிக்கொண்டு கரைக்காமல் தாவும். `mi_mode` கொடுக்காமல் விட்டால் அசைவைக் கணிக்கப் பார்த்து, நாற்றைத் தண்ணீர் மாதிரி நெளிய வைக்கும்.

எக்ஸ்போஷரை லாக் செய்தால் மினுக்கல் போய்விடும், சரிதானே?

பத்து நொடிக்கு ஒரு படம் எடுப்பவர்களுக்குச் சரி. உங்களுக்கு ஒரு வாரம் வெயில், அடுத்த வாரம் ஐப்பசி மழை. லாக் செய்தால் ஒன்று வெளிறும், ஒன்று இருளும். வெள்ளைச் சமநிலையை மட்டும் ஒரே அளவில் வையுங்கள். வெளிச்சத்தைப் பிறகு கொட்டகைச் சுவரைப் பார்த்துச் சமப்படுத்துங்கள். பயிரைப் பார்த்துச் சமப்படுத்தினால் பச்சை மஞ்சளாவதே அழிந்துவிடும்.

எந்தத் திசையில் வைப்பது? நான் குறுவை போடுகிறேன்.

சம்பாவுக்கு வடக்கு பார்த்து. சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும். குறுவையில் ஆவணித் தொடக்கம் வரை நம் டெல்டாவில் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், அதனால் தெற்கு பார்த்து.

கார்த்திகை மழையில் நாலு வாரம் எடுக்க முடியலை. அந்த இடைவெளிக்கும் ஒரு நொடிதானா?

பத்து நாள் ஒரு நொடி என்றால் அதற்கு மூன்று நொடி கொடுப்பதுதான் நேர்மை. ஒரு மூலையில் தேதியையும் போடுங்கள்.

மூன்று நொடியா? பார்ப்பவர் தூங்கிவிடுவார். நான் பக்கத்து வயல் படத்தை நடுவில் சொருகினேன், யாரும் கண்டுபிடிக்கலை.

அந்த வயலில் நட்ட தேதி வேறு, தழைச்சத்து போட்டது வேறு. அப்புறம் அது உங்கள் பயிரின் படமே இல்லை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வேளாண் மாணவி: மூன்று நொடி கரைவதிலும் பொய் இருக்கிறது, ஐயா. கதிர் திடீரென்று வெளிவருவது; அது மெல்ல மெல்லத் தோன்றுவதாகக் காட்டுகிறீர்கள்.

நல்ல கேள்வி. தூர் கட்டி இடைவெளி மூடிய பிறகு சில வாரம் வெறும் பச்சைதான். அந்தக் காலத்தில் படம் விட்டுப்போனால் கரைவது பெரிதாகப் பொய் சொல்லாது. பூத்ததிலிருந்து முற்ற ஏறக்குறைய 30 நாள்தான். அங்கே பத்து நாள் இடைவெளியே அதிகம், ஐந்து நாளுக்கு ஒன்று எடுக்கவேண்டும். கதிர் வரும் சமயமே விட்டுப்போயிருந்தால் கரைக்காமல் வெட்டிவிடலாமா என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் வெட்டினால் பார்ப்பவர் அதை வேறு வயல் என்று நினைக்கக்கூடும்.

மாணவி: தேதி போட்டால் நினைக்க மாட்டார்கள்.

போனில் பார்ப்பவர் மூலையில் இருக்கும் தேதியைப் படிப்பாரா? இரண்டு விதமாகவும் செய்து அனுப்புங்கள், பார்ப்போம்.

இலை நுனி காய்கிறது, படம் இணைத்துள்ளேன். என்ன மருந்து?

வேளாண் விரிவாக்க மையத்தில் செடியோடு காட்டுங்கள்.

சார், என் படமும் குதிக்குது.

முதல் பதில். பனை, வரப்புக்கல்.

எனக்கும் குதிக்கிறது, ஆனால் பனை, கல் இரண்டுமே பொருந்தவில்லை.

அப்படியானால் அளவே மாறியிருக்கிறது. ஜூம் செய்திருப்பீர்கள், அல்லது போன் வேறு லென்ஸுக்குத் தாவியிருக்கும். கோப்பின் விவரத்தில் குவியத்தூரம் எல்லாப் படத்திலும் ஒன்றா என்று பாருங்கள். லென்ஸ் மட்டும் மாறியிருந்தால் Hugin-இல் அந்தப் படத்துக்குத் தனி லென்ஸ் என்று குறித்து, மறுபடி கணக்கிட விட்டால் பொருந்திவிடும்.