காலாவதித் தேதி டப்பாவுக்கு, திறந்த பிறகு உள்ளே இருப்பதற்கு அல்ல

கேள்வி: சத்து மாத்திரை டப்பாக்களை அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் வைத்திருக்கிறோம். காலாவதிக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, ஆனால் விட்டமின் கம்மீஸ் எல்லாம் ஒட்டிக் கட்டியாகிவிட்டது. சாப்பிடலாமா? பக்கத்தில் இருக்கும் புரோபயாட்டிக்கும் கெட்டிருக்குமா?

கம்மீஸைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். புரோபயாட்டிக்கை நம்பாதீர்கள்.

அந்த எட்டு மாதத்துக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. டப்பா முத்திரை உடையாமல் இருக்க வேண்டும். லேபிளில் சொன்ன வெப்பத்துக்குள், பெரும்பாலும் 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழே, இருந்திருக்க வேண்டும். மூடியைத் திறந்து, சோறு கொதிக்கும் ஆவிக்கு மேலே வைத்த டப்பாவுக்கு அந்தத் தேதியை யாரும் கணக்குப் போடவில்லை. திறந்த தேதியைப் பேனாவால் டப்பாவிலேயே எழுதிவையுங்கள். மாதமும் வருடமும் மட்டும் அச்சிட்டிருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள்வரை என்று பொருள்.

கம்மீஸ் ஏன் முதலில் கெடுகிறது? மாத்திரை உலர்ந்த பொருள், கம்மீஸ் ஈரமான பொருள். அதைப் பிடித்து நிறுத்துவது ஜெலட்டின் என்றால் 35 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். பெக்டின் அந்தச் சூட்டில் உருகாது. ஆனால் மேலே தூவிய சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். உள்ளே ஈரம் இருப்பதால் விட்டமின் சி போன்றவை உலர்ந்த மாத்திரையில் சிதைவதைவிட வேகமாகச் சிதைகின்றன. வெளிர் நிறம் பழுப்பாக மாறுவது அதற்கு ஓர் அறிகுறி. இது தெரிந்துதான் தயாரிப்பவர்கள் லேபிளில் போட்டதைவிடக் கூடுதல் விட்டமினைச் சேர்க்கிறார்கள், கடைசி நாளிலும் சொன்ன அளவு மிஞ்ச வேண்டும் என்று. உங்கள் அலமாரி அந்தக் கூடுதலை முன்கூட்டியே தின்றுவிடும். கட்டியானதைப் பிய்த்துச் சாப்பிட்டால் ஒருநாள் அரை அளவு போகும், மறுநாள் ஒன்றரை அளவு போகும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த விஷயத்தில் சமாதானமே வேண்டாம்.

புரோபயாட்டிக்கின் கதை வேறு. உள்ளே இருப்பவை உறைய வைத்து உலர்த்திய உயிருள்ள பாக்டீரியாக்கள். ஈரம் பெருமளவு எடுக்கப்பட்டதால்தான் உறங்கிக் கிடக்கின்றன. கொஞ்சம் ஈரம் ஏறினால் அரைகுறையாக விழிக்கும். வளரவும் முடியாமல், திரும்ப உறங்கவும் முடியாமல் சாகும். சூடு அதை விரைவுபடுத்தும். இதில் பார்வைக்கு எதுவும் தெரியாது என்பதுதான் சிக்கல். கேப்ஸ்யூல் பளபளவென்றே இருக்கும், உள்ளே எண்ணிக்கை சரிந்திருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கேப்ஸ்யூலுக்கு 1000 கோடி என்று லேபிள் சொல்கிறது. மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு சாகிறது என்று வைத்துக்கொள்வோம். (இது விளக்கத்துக்கான எண். உண்மை வேகம் பாக்டீரியா வகையையும் ஈரத்தையும் பொறுத்தது.) மூன்று மாதத்தில் ஏறத்தாழ 510 கோடி, ஆறு மாதத்தில் 260 கோடி, பத்து மாதத்தில் 107 கோடி. டப்பாவில் தேதி இன்னும் பாக்கி இருக்கும்.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு, கேள்விக்கு வெளியே போனாலும் சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'தயாரித்த நேரத்தில்' என்று போட்டிருக்கும் டப்பாக்கள் ஏராளம். நீங்கள் சாப்பிடும் நாளில் எத்தனை உயிரோடு இருக்கும் என்பதற்கு அது எந்த உறுதியும் தருவதில்லை. 'காலாவதி நாள்வரை' என்று உறுதி சொல்லும் டப்பாவை வாங்குங்கள். பேசில்லஸ் கோயாகுலன்ஸ் போன்ற, தடித்த உறைக்குள் வித்தாக உறங்கும் பாக்டீரியா வகைகள் சூட்டை நன்றாகவே தாங்கும். லாக்டோபேசில்லஸும் பிஃபிடோபாக்டீரியமும் அவ்வளவு தாங்காது.

'நாங்களும் சமையலறையில்தான் வைக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை' என்று எழுத வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சாப்பிட்டால் நோய் வரும் என்று நான் சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்கிய சத்து உள்ளே மிஞ்சியிருக்காது என்கிறேன். உலர்ந்த கால்சியம் மாத்திரை அங்கே இருந்தாலும் பெரிய நட்டமில்லை.

படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டு நல்ல இடம். குளியலறையும் ஃபிரிட்ஜின் தலையும் வேண்டாம். உள்ளே இருக்கும் சிலிகா பாக்கெட்டை எடுத்து எறியாதீர்கள். பஞ்சை மட்டும் எடுத்துவிடுங்கள், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரக் கையை உள்ளே விடாமல், மூடியில் கொட்டி எடுங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக அலுமினியத் தாளில் அடைத்த அட்டை கிடைத்தால் டப்பாவைவிட அதுவே மேல், ஆனால் வாரத்துக்கானதை முன்கூட்டிப் பிரித்து வைக்கக் கூடாது.

ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்ன டப்பாவை வெளியே எடுத்தவுடன் திறந்தால், வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த கேப்ஸ்யூல்மேல் நீராகப் படியும். தினமும் அப்படிச் செய்தால் வெளியில் வைத்ததைவிட மோசமாகும். ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சின்ன இறுக்கமான டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும் நாளில் பெரிய டப்பாவை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்து, குளிர் போன பிறகு திறங்கள்.