முதலில் கழிவறைக் கதவைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் பனியன் யூனிட்டில் 40 டெய்லர்கள், பெரும்பாலும் பெண்கள், பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறார்கள். பணியாளர் நலனுக்கு மாதம் 8,000 ரூபாய் தர முதலாளி சம்மதித்திருக்கிறார். போன வருஷம் ஞாயிற்றுக்கிழமை யோகா வகுப்பு வைத்தோம், ஐந்து பேர்தான் வந்தார்கள். இந்தத் தடவை என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அந்த ஐந்து பேர் வந்ததே பெரிய விஷயம். துணி துவைக்க, ரேஷன் வாங்க, பிள்ளைகளோடு இருக்க அவர்களுக்கு ஞாயிறை விட்டால் வேறு நாள் ஏது? எதுவானாலும் வேலை நேரத்தில் வையுங்கள். ஆனால் பீஸ் ரேட்டுக்காரர் மெஷினை விட்டு எழுந்தால் அவர் கூலிதான் குறையும். அதனால் அந்த நேரத்துக்கும் காசு கொடுங்கள். ஒருவரின் மணிக்கூலி சராசரியாக 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வாரம் பத்துப் பேருக்கு ஒரு மணி நேரம் 700 ரூபாய். நான்கு வாரத்தில் எல்லாரும் ஒரு சுற்று வந்துவிடுவார்கள், செலவு 2,800.

அந்த ஒரு மணி நேரத்தை முதல் சுற்றில் இ.எஸ்.ஐ.க்குக் கொடுங்கள். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு அவர் பங்கு 0.75 சதவீதம், உங்கள் பங்கு 3.25 சதவீதம் என்று மாதாமாதம் கட்டுகிறீர்கள். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய வசதி அது. ஆனால் ஆதாரில் ஒரு பெயர், கார்டில் ஒரு பெயர் இருக்கும். கணவர், பிள்ளைகளைச் சேர்த்திருக்க மாட்டார்கள். ஒவ்வொருவராக உட்காரவைத்துச் சரிசெய்யுங்கள். தகுதியான சந்தா நாட்கள் இருந்து இ.எஸ்.ஐ. மருத்துவர் சான்று கொடுத்தால், நோய் விடுப்புக்குக் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும் என்பதையும் சொல்லுங்கள்.

மீதி 5,200. இதைக் கழிவறையில் போடுங்கள். கழிவறைக்குப் போகப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் தைக்கும் பெண்கள் ஏராளம். நீர்க்கடுப்பு, தலைவலி, அரைநாள் பர்மிஷன் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கும். உடைந்த தாழ்ப்பாள், எரியாத பல்பு, மூடியுள்ள குப்பைத்தொட்டி இவை ஒருமுறைச் செலவு. மாதாமாதம் ஆகிற செலவு, நாளுக்கு இரண்டு முறை கழுவ ஒருவருக்குக் கொடுக்கும் கூலி.

பலன் தெரிய சர்வே வேண்டாம். பெயர் போட்டு யாரும் உண்மை எழுத மாட்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தண்ணீர் கேன் காலியாகிறது என்று இன்றிலிருந்தே குறித்துவையுங்கள். கோடையில் அது தானாகக் கூடும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

கழிவறை சுத்தமாகியும் கேன் கணக்கு அசையவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் லைன் சூப்பர்வைசர்தான். எழுந்தாலே "எங்க போற?" என்று கேட்பார். அவர் தலையில் டார்கெட் இருக்கிறது, பாவம். கேட்கக் கூடாது என்று நீங்கள் சொன்னால் எடுபடாது, முதலாளியே அவரிடம் சொல்லட்டும்.