ஒரே படிக்கட்டு உள்ள வீடுகளில் தீ: சில கேள்விகள்

கேள்வி: எங்களுடையது மூன்று மாடி, ஒரே படிக்கட்டு. மீட்டர் போர்டு படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது, பக்கத்திலேயே எல்லாரும் பைக் நிறுத்துகிறோம். இதில் ஆபத்து உண்டா?

உண்டு. நீங்கள் வெளியே வர இருக்கும் ஒரே வழியின் அடியில், தீப்பிடிக்க வாய்ப்புள்ள இடத்தையும் பெட்ரோலையும் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். சூடான புகை நேராக மேலே போகும், படிக்கட்டு அதற்குப் புகைபோக்கி மாதிரிதான். உச்சியில் கூரை தடுத்ததும் அங்கேயே தேங்கி, அப்புறம் மேலிருந்து கீழாக நிரம்பிக்கொண்டே வரும். அதனால்தான் தரைத்தளத்தில் தீப்பிடித்தால், நெருப்பிலிருந்து அதிக தூரத்தில் இருக்கும் மூன்றாம் மாடிக்காரர்களுக்கு வழி முதலில் அடைபடுகிறது. தீயில் இறப்பவர்களில் பலரைக் கொல்வது சுடர் அல்ல, புகையும் அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடும்தான்.

முதலில் வண்டிகளை வெளியே எடுங்கள். மின்சார ஸ்கூட்டரை அங்கே சார்ஜ் போடுவதையும் நிறுத்துங்கள், பழைய சோபா, அட்டைப்பெட்டி எதுவும் வேண்டாம். மீட்டர் போர்டை இடம் மாற்ற முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் எரியாத பொருளில் கதவுள்ள பெட்டிக்குள் அடைத்து, ஒயர்கள் மேல்மாடிக்குப் போகும் ஓட்டைகளைத் தீ தாங்கும் பூச்சால் மூடச் சொல்லுங்கள். அந்த ஓட்டைகளை யாரும் கவனிப்பதில்லை, புகை அதன் வழியாகவும் ஏறும்.

கேள்வி: எம்சிபி போட்டிருக்கிறோமே, ஷார்ட் ஆனால் தானாக அணைந்துவிடாதா?

ஷார்ட் ஆனால் அணையும். ஆனால் வீட்டு ஒயரிங்கில் தீ மூட்டும் ஆபத்து வேறு: திருகு தளர்ந்த இணைப்பு. ஒரு கணக்கு பாருங்கள். 230 வோல்ட்டில் ஓடும் 3000 வாட் வாட்டர் ஹீட்டர் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட்டில் ஒரு திருகு தளர்ந்து அந்த இடத்தில் அரை ஓம் தடை உண்டானால், 13 × 13 × 0.5, அதாவது ஏறக்குறைய 85 வாட் வெப்பம் அந்தச் சின்ன முனையில் மட்டும் உருவாகும். சால்டரிங் அயர்னை சுவருக்குள் செருகி வைத்த மாதிரி! எம்சிபிக்கோ 13 ஆம்பியர்தான் தெரியும், அது 16 ஆம்பியர் எம்சிபி என்றால் அசையவே அசையாது. பூமிக்குக் கசியும் மின்சாரத்தைப் பார்க்கும் ஆர்சிசிபிக்கும் இது தெரியாது.

ஆனால் கண்ணும் மூக்கும் கண்டுபிடித்துவிடும். சாக்கெட்டின் பிளாஸ்டிக் பழுப்பாவது, பிளக்கைத் தொட்டால் சுடுவது, ஹீட்டர் ஓடும்போது விளக்கு மினுக்குவது, கருகிய மீன் மாதிரி ஒரு வாடை. இதில் ஒன்று தெரிந்தாலும் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று பெரிய ரேட்டிங்கில் மாற்றித் தருபவரை மட்டும் நம்பாதீர்கள், அந்த எண் ஒயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது.

கேள்வி: எந்த தீயணைப்பான் வாங்குவது, எங்கே மாட்டுவது?

படிக்கட்டுத் தளங்களுக்கு ஏபிசி பவுடர், 4 அல்லது 6 கிலோ போதும். மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு வகை நல்லது, கருவியைக் கெடுக்காது. ஆனால் அதில் அளவு முள் இருக்காது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். பவுடர் வகையில் முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்தால் சரி.

ஒன்றை மனதில் வையுங்கள்: இந்த அளவு சிலிண்டர் பத்து இருபது வினாடிகளில் காலி. அதனால் வெளியே போகும் வழி முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, பின்னை இழுத்து, சுடரின் உச்சியில் அல்லாமல் அடியில் பார்த்து அடியுங்கள். குப்பைக்கூடை அளவு தீ என்றால் முயலலாம். அறை முழுக்கப் புகை என்றால் கதவைச் சாத்திவிட்டு வெளியேறுங்கள், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: இரவில் எழுந்து கதவைத் திறந்தால் படிக்கட்டு முழுக்கப் புகை. மொட்டை மாடிக்கு ஓடலாமா?

வேண்டாம், புகை அடர்த்தியாக இருப்பதே அங்கேதான். கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் திறக்கவே வேண்டாம். கதவைச் சாத்தி, கீழ் இடுக்கை ஈரத் துணியால் அடைத்து, தெருவைப் பார்த்த ஜன்னல் உள்ள அறைக்குப் போய் அந்தக் கதவையும் சாத்துங்கள். ஜன்னலைத் திறந்து, நீங்கள் எந்த மாடியில் இருக்கிறீர்கள் என்பதை போனில் சொல்லுங்கள். ஜன்னல் கம்பி நிரந்தரமாக வெல்டிங் செய்தது என்றால், ஒரு ஜன்னலின் கம்பியையாவது சாவியில்லாமல் உள்ளிருந்து திறக்கும்படி மாற்றுங்கள்.

படிக்கட்டு உச்சியில் எப்போதும் திறந்திருக்கும் காற்றுத்திறப்பு ஒன்று இருந்தால் புகை கொஞ்சமாவது வெளியேறும். மழைச்சாரல் அடிக்கிறது என்று அதைத் தகடு வைத்து மூடியிருப்பார்கள், போய்ப் பாருங்கள். மொட்டை மாடிக் கதவின் பூட்டை எடுத்துவிட்டு உள்பக்கத் தாழ்ப்பாள் போடுங்கள், புகை வருவதற்குள் மேலே போக வேண்டியவர்கள் சாவிக்காக நிற்கக்கூடாது.