சண்டை நடுவே நின்ற ஆட்டம்

"வேலை மாறியதில் ஏழு மாதமாக நண்பர்களுக்கு டி அண்ட் டி கதை ஆட்டம் நடத்தவில்லை. பாதாளக் கோயிலில் பூசாரியோடு சண்டை நடுவே நிறுத்தினோம், வெண்கலச் சாவி ஒன்று அவர்கள் கையில் இருக்கிறது. ஆடும் நாலு பேருக்கும் என்ன எழுதுவது?"

காரணத்துக்கு ரெண்டு வரி போதும். மன்னிப்பு நீண்டால் அவர்கள் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

அந்தச் சண்டையை விட்ட இடத்தில் தொடராதீர்கள். யாருக்கு உயிர்க் கணக்கான ஹிட் பாயின்ட் எத்தனை, எந்த மந்திரம் தீர்ந்தது என்று தேடுவதிலேயே முதல் ஒரு மணி நேரம் போய்விடும். நான் ஒருமுறை அப்படித் தொடங்கி, பாதி ஆட்டம் பழைய தாளைப் புரட்டியதிலேயே கழிந்தது. அதைவிட, கதையிலும் காலத்தை நகர்த்துங்கள்:

"கூரை இடிந்தது. நீங்கள் தப்பினீர்கள், பூசாரியும் தப்பிவிட்டான். மூன்று வாரம் ஆகிறது. வெண்கலச் சாவி உங்களிடம்தான் இருக்கிறது, அது எந்தப் பூட்டுக்கு என்று இன்னும் தெரியாது. எல்லாருக்கும் லாங் ரெஸ்ட் முடிந்த கணக்கு."

லாங் ரெஸ்ட், அதாவது பாத்திரங்களின் நீண்ட ஓய்வு, முடிந்தது என்றதும் ஹிட் பாயின்டும் மந்திர ஸ்லாட்டுகளும் நிரம்பிவிடும், பழைய கணக்கு தேவையில்லை. ஆனால் பூசாரியைக் கொல்லும் வாய்ப்பை அவர்களிடமிருந்து பறிக்காதீர்கள், அதனால்தான் அவனைத் தப்பவிட்டேன்.

முன்கதையில் மூன்று பெயருக்கு மேல் வேண்டாம். அப்புறம் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "அந்த மூன்று வாரம் உன் பாத்திரம் என்ன செய்தது?" அதை நீங்களே எழுதிவிடாதீர்கள். யாராவது விலக நினைத்தால் அவர் பாத்திரம் சாவியின் பூட்டைத் தேடிப் போனதாக வைத்துக்கொள்ளலாம், பிறகு திரும்பி வரவும் வழி இருக்கும். கடைசி வரியில் அடுத்த ஆட்டத்தின் தேதியைப் போடுங்கள்.